முதலில் ரத்து, பிறகு வேண்டுகோள்: கிளினிக்கில் ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பது

கேள்வி: "நாளை காலை நாகர்கோவிலில் ஒரு பல் கிளினிக்கில் அப்பாவுக்கு அப்பாயிண்ட்மெண்ட். திடீரென்று போக முடியாமல் ஆகிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வார்களாம். அதை விட்டுத்தரச் சொல்லி மரியாதையாக எப்படிக் கேட்பது?"

கிளினிக்குக்கு நீங்கள் இன்னும் தெரிவிக்கவில்லை என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அவர்களை அழைத்து, நாளை வர இயலாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். கட்டணத்தைப் பற்றி அந்த அழைப்பில் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ரத்து செய்வது ஒரு வேலை, தள்ளுபடி கேட்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப்போய்த்தான் பெரும்பாலோர் பணத்தை இழக்கிறார்கள்; நானும் ஒரு முறை, வேறு விதமான அவசரத்தில், இழந்திருக்கிறேன்.

அந்தக் கட்டணம் எதற்காக என்பது புரிந்தால், எப்படிக் கேட்பது என்பதும் தானாகப் புரியும். நம் மாவட்டத்துச் சிறிய கிளினிக்குகள் பலவற்றில், வேர் சிகிச்சை போன்றவற்றுக்கான நிபுணர் தினமும் இருப்பதில்லை. வெளியூரிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வந்து போகிறார். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு அவருடைய நேரத்தில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஒதுக்கி வைக்கிறார்கள். நாம் வராவிட்டால் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும். பிடிக்கிற பணம் அந்தக் காலி நாற்காலிக்கான ஈடு. ஆகவே அந்த நேரத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டால், விட்டுக்கொடுக்க அவர்களுக்கும் மனம் வரும். யாரும் வராவிட்டால் நம் வேண்டுகோளுக்கு வலு குறைந்துவிடும். 24 மணி நேரம் கடந்துவிட்டதே, இனி எப்போது சொன்னால் என்ன என்று இருந்துவிடாதீர்கள். விதிப்படி 15 மணி நேரத்துக்கு முன் சொல்வதும் 2 மணி நேரத்துக்கு முன் சொல்வதும் ஒன்றுதான் என்றாலும், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொருவரை வரவழைக்க அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்றல்ல.

என் தாயாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சையின் முதல் அமர்வு முடிந்து, இரண்டாம் அமர்வு ஒரு சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு நாகர்கோவிலில் இருந்தது. முன்பணம் 1,500 ரூபாய். வெள்ளிக்கிழமை காலை 10.30 மணி வரை ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும். அதற்குப் பிறகு 750 ரூபாய் பிடிக்கப்படும். சொல்லாமல் வராமலே இருந்துவிட்டால் முழுத் தொகையும் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி அளவில் அம்மாவுக்குக் காய்ச்சலும் வாந்தியும் தொடங்கின.

ரத்து செய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். பாதியில் நிற்கிற வேர் சிகிச்சைக்கு நடுவே காய்ச்சல் வந்தால், அந்தப் பல்லே காரணமாக இருக்கலாம். கன்னமோ தாடையோ வீங்கியிருந்தால், வாயைத் திறக்கச் சிரமம் இருந்தால், அந்தப் பல்லின் வலி கூடிக்கொண்டே போனால், அது ரத்து செய்யவேண்டிய சந்திப்பு அல்ல, உடனே போகவேண்டிய சந்திப்பு. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தால் கிளினிக் திறக்கும் வரை காத்திராமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும். அம்மாவின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்தோம். வீக்கம் இல்லை, பல்லில் புதிய வலியும் இல்லை. அதன் பிறகுதான் 7.10 மணிக்கு கிளினிக்கை அழைத்தேன்.

பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. "அக்கா, நாளைக்குப் பத்தரை மணிக்கு எங்க அம்மாவுக்கு ரூட் கெனால் ரெண்டாவது சிட்டிங். காய்ச்சலும் வாந்தியுமா இருக்கு, வர முடியாது. காத்திருக்கிறவங்க யாராவது இருந்தா அந்த நேரத்தைக் கொடுத்திருங்க" என்றேன். "சரி, நீங்க ஒரு மெசேஜும் போட்டிருங்க, நான் மேனேஜர்ட்ட சொல்லிருதேன்" என்றார் வரவேற்பில் இருந்த அக்கா. அவர் சொல்லாவிட்டாலும் எழுத்தில் அனுப்பியிருப்பேன். எத்தனை மணிக்குத் தெரிவித்தோம் என்பதற்குப் பின்னால் அதுதான் சான்று. கிளினிக்கின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியது இது:

"வணக்கம். நாளை சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு வேர் சிகிச்சையின் இரண்டாம் அமர்வுக்காக என் தாயார் பெயரில் பதிவு செய்திருந்தோம். இன்று மாலை முதல் அவருக்குக் காய்ச்சலும் வாந்தியும் இருப்பதால் நாளை வர இயலாது. 7.10 மணிக்குத் தொலைபேசியிலும் தெரிவித்தேன். அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். பல்லில் தற்காலிக அடைப்பு மட்டுமே இருப்பதால், எத்தனை நாள் வரை தள்ளிப்போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்."

கடைசி வாக்கியத்தை மரியாதைக்காக எழுதவில்லை. இரண்டு அமர்வுகளுக்கு நடுவே வைக்கும் அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்கும் என்று நம்பக் கூடாது; அது தேய்ந்தோ உடைந்தோ எச்சில் உள்ளே இறங்கினால் முதல் அமர்வில் செய்த வேலையே வீணாகிவிடும். அதைக் கேட்பதால், நாம் சிகிச்சையை விட்டு ஓடவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது.

மறுநாள் அந்த 10.30 மணி கடந்து, காலை நேரத்துக் கூட்டமும் ஓய்ந்திருக்கும் என்று தோன்றிய பிறகு, பிற்பகலில் மேலாளருக்குத் தனியாக எழுதினேன். வரவேற்பில் இருப்பவருக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவரிடம் வாதாடினால் அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டுகிறோம். சிறிய இடம் என்றால் அந்த முடிவு டாக்டருடையதாகவே இருக்கும். நான் எழுதியது இதுதான்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். இன்று காலை 10.30 மணிக்கு இருந்த என் தாயாரின் சந்திப்பை நேற்று மாலை 7.10 மணிக்கு ரத்து செய்ய நேர்ந்தது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் 750 ரூபாய் பிடிக்கப்படும் என்பதைப் பதிவு செய்யும்போதே அறிந்திருந்தோம். காய்ச்சல் நேற்று மாலைதான் தொடங்கியது. தெரிந்ததும் தாமதிக்காமல் தெரிவித்தோம். இந்த ஒரு முறை மட்டும் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்ய இயலுமா என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பணமாகத் திருப்புவது சிரமம் என்றால், அடுத்த அமர்வின் கட்டணத்தில் கழித்துக்கொண்டாலும் போதும். இயலாவிட்டாலும் சிகிச்சையை அங்கேயே தொடர்வோம். அடுத்த தேதியை உறுதிசெய்து தருமாறு வேண்டுகிறேன்."

இதில் விதி தெரியும் என்று நாமே ஒப்புக்கொள்வது மிகவும் பயன்படுகிறது. மேலாளர் பதிலாக விதியை எடுத்து ஒட்டிவிட்டுப் போக வழியில்லாமல், வேண்டுகோளுக்கே பதில் சொல்லவேண்டி வருகிறது. காரணம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரே வாக்கியத்தில். காய்ச்சல், போதாததற்கு மழை, அதற்கும் மேல் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்று அடுக்கினால் முதல் காரணமும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். ஊருக்கே தெரிந்த காரணம் என்றால் விளக்கவே தேவையில்லை. 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது போன்ற ஒரு நாளில் தேதியைக் குறிப்பிட்டாலே போதும். அடுத்த கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள். கணக்கில் ஏறிய பணத்தைத் திருப்பி அனுப்புவதைவிட அடுத்த பில்லில் குறைப்பது அவர்களுக்கு எளிது. நோயாளி திரும்பி வருவார் என்பதும் உறுதியாகிறது.

திங்கட்கிழமை பதில் வந்தது. அந்த நேரத்துக்கு வேறு ஒருவரை அழைக்க முடிந்ததால் 750 ரூபாயை அடுத்த அமர்வில் கழித்துக்கொள்வதாகவும், டாக்டர் அடுத்து வரும் நாளான இரண்டு வாரம் கழித்துள்ள சனிக்கிழமைக்கே வந்துவிட வேண்டும், அதற்கு மேல் தள்ளக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள்.

நான் பணத்தை இழந்ததாகச் சொன்னது அதற்கு முந்தைய ஆண்டு, வேறொரு கிளினிக்கில், எனக்கே எடுத்திருந்த தோல் மருத்துவச் சந்திப்பில். செயலி வழியாகப் பதிவு செய்திருந்தேன். காலை ஆறு மணிக்கு அதிலேயே ரத்துப் பொத்தானை அழுத்தினேன். கட்டணம் அந்த நொடியே தானாகக் கழிந்துவிட்டது. பிறகு அழைத்தபோது, தொலைபேசியில் சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றிக் கொடுத்திருப்போம், செயலியில் ரத்தானதை எங்களால் மாற்ற முடியாது என்றார்கள். கோபத்தில், விதியே அநியாயமானது, நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். அத்துடன் பேச்சு முடிந்துபோயிற்று. ஆகவே செயலியில் பதிவு செய்திருந்தால், பொத்தானைத் தொடும் முன் அழைத்துப் பேசுங்கள். நேரத்தை மாற்றுவதையும் சில இடங்களில் ரத்தாகவே கணக்கிடுகிறார்கள் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். செயலி நிறுவனம் தனக்கென எடுத்த சேவைக் கட்டணத்தைக் கிளினிக்கிடம் கேட்டுப் பயனில்லை.

நுகர்வோர் உரிமை பேச வேண்டிய இடமும் உண்டு. பதிவு செய்யும்போது ரத்துக் கட்டணம் இருப்பதையே சொல்லாமல் பிறகு பிடித்தாலோ, நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தொகையைப் பிடித்தாலோ அது வேண்டுகோள் அல்ல, புகார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ஆனால் உங்களுக்கு விதி முன்பே தெரிந்திருக்கிறது. தயவு கேட்கும் கடிதத்தில் புகாரின் நிழல்கூட விழக் கூடாது.

முடியாது என்று பதில் வந்தால், "பரிசீலித்ததற்கு நன்றி" என்று எழுதி அடுத்த தேதியைக் கேளுங்கள். சரி என்று வந்தால், அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்து அடுத்த முறை பணம் கட்டும் இடத்தில் காட்டுங்கள். அம்மாவின் இரண்டாம் அமர்வில் பில் போட்டவருக்கு இந்தக் கழிவைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. மேலாளரின் வாட்ஸ்அப் பதிலைக் காட்டிய பிறகுதான் 750 ரூபாயைக் குறைத்துப் புதிய பில் எடுத்துக் கொடுத்தார்.