தைராய்டு மேல் எத்தனை கிலோ பழி போடலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் தைராய்டும் எடையும் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகிவிட்டது. மற்றவற்றுக்கும் அதிலிருந்தே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: எனக்கு வயது 43. பதினான்கு மாதத்தில் 61 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 7.4, ஃப்ரீ டி4 நார்மல். தினமும் 25 மைக்ரோகிராம் தைராக்ஸின் சாப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது. டிஎஸ்எச் இப்போது 2.6. எடையோ ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. முன்பு சாப்பிட்டதைத்தான் சாப்பிடுகிறேன். டோஸ் போதவில்லையா? (முழங்கால் வலியால் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டேன். ஒற்றைத் தலைவலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் எடுக்கிறேன்.)

டோஸ் போதும். டிஎஸ்எச் 2.6 என்றால் உங்கள் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி திருப்தியாக இருக்கிறது என்று அர்த்தம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் "இன்னும் சுர" என்று தைராய்டை விரட்டுவதற்கு அது அனுப்பும் ஆள்தான் டிஎஸ்எச். உங்களுக்கு அது 7.4 வரை ஏறியிருந்தாலும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 நார்மலாகவே இருந்தது. அதாவது விரட்டினால் சுரப்பி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இது குறைபாட்டின் ஆரம்பப் படி. இந்தப் படியில் எடை ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் இரண்டு கிலோ ஏறலாம். சிலருக்கு ஒன்றுமே ஏறாது. டிஎஸ்எச் நார்மலுக்கு வந்தும் உங்களுக்கு ஒரு கிலோதான் குறைந்தது என்றால், தைராய்டின் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான்.

சரி, மீதி 12 கிலோ? ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. 12 கிலோவுக்கு 92,400. பதினான்கு மாதம் என்பது ஏறத்தாழ 425 நாள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 220 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. உடல் கனக்கக் கனக்க அதன் செலவும் கூடும் என்பதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். ஆனாலும் இது பெரிய தொகை இல்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேர வேக நடையில் செலவாவதுதான். "முன்பு சாப்பிட்டதைத்தான் சாப்பிடுகிறேன்" என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். முன்பு நடந்தீர்கள், இப்போது நடக்கவில்லை.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட இரண்டு விஷயங்கள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. அமிட்ரிப்டிலின் பலருக்குப் பசியைத் தூண்டும், எடை ஏற்றும். அதை எப்போது தொடங்கினீர்கள் என்று மருந்துச் சீட்டில் பாருங்கள். எடை ஏறத் தொடங்கிய மாதத்தோடு பொருந்தினால், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் எல்லாம் இதே வேலையைச் செய்யும். இவற்றால் ஏறுகிற எடை, தைராய்டால் ஏறுவதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

கேள்வி: என் அண்ணனுக்கு டிஎஸ்எச் 90-க்கு மேல், டி4 மிகக் குறைவு. முகம் ஊதி, குரல் கரகரத்து, 7 கிலோ ஏறியிருந்தார். மாத்திரை ஆரம்பித்த இரண்டு மாதத்தில் 4 கிலோ மளமளவென்று இறங்கியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. ஏன்?

இறங்கியது பெரும்பாலும் தண்ணீர். ஹார்மோன் கடுமையாகக் குறையும்போது தோலுக்கடியிலும் திசுக்களிலும் சர்க்கரைச் சங்கிலி போன்ற ஒரு பசைப்பொருள் சேர்கிறது. ஹயலுரானிக் அமிலம் அதில் முக்கியமானது. அது பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காலையில் எழும்போது இமை தடித்திருப்பது, மோதிரம் கழற்ற வராதது, நாக்கு பெருத்துப் பேச்சு குழறுவது எல்லாம் இதனால்தான். சாதாரண நீர்வீக்கத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் குழி விழும். இதில் அநேகமாகக் குழி விழாது, ஏனென்றால் நீர் பசைக்குள் சிக்கியிருக்கிறது.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் பசை கரைகிறது, நீர் வெளியேறுகிறது. டென்மார்க்கில் நடந்து 2011-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் உடலை அளந்து பார்த்தார்கள். சராசரியாக 4 கிலோ சொச்சம் குறைந்திருந்தது. கொழுப்பின் அளவில் சொல்லும்படி மாற்றமே இல்லை. உங்கள் அண்ணன் கதையும் அதேதான்.

ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி இவரைப் போன்றவர்களுக்குக் குறைவது உண்மைதான். ஆனால் பசியும் கூடவே குறைவதால் கொழுப்பு நினைக்கிற அளவுக்குச் சேர்வதில்லை. மொத்தத்தில் தைராய்டின் பங்கு பெரும்பாலும் 2-லிருந்து 5 கிலோவுக்குள் அடங்கிவிடும். இருபது, முப்பது கிலோவை அதன் தலையில் கட்ட முடியாது.

கேள்வி: எனக்கு எடை 108 கிலோ. டிஎஸ்எச் 5.6, டி4 நார்மல். தைராய்டால்தான் எடை ஏறியது என்கிறார்கள்.

தலைகீழாகவும் இருக்கலாம். உடலில் கொழுப்பு அதிகமானால் அது சுரக்கும் லெப்டின், மூளை வழியாக டிஎஸ்எச்சைக் கொஞ்சம் தூக்கிவிடும். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு, எடை குறைந்தால் மாத்திரை இல்லாமலே டிஎஸ்எச் இறங்கிவிடுகிறது. ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் டிஎஸ்எச்சைத் திரும்பப் பாருங்கள். கூடவே, தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் டிபிஓ ஆன்டிபாடியும் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிபாடி இருந்தால் சுரப்பியிலேயே கோளாறு என்ற சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டால் எடைதான் காரணம் என்ற பக்கம் நான் சாய்வேன்.

கேள்வி: டோஸை நானே கொஞ்சம் கூட்டிக்கொண்டால் எடை குறையாதா?

குறையலாம், தசையும் சேர்ந்து. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். எடை குறைக்க இந்த மாத்திரையைத் தரக்கூடாது என்று அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்பில் கட்டம் கட்டியே எச்சரித்திருக்கிறார்கள்.

கேள்வி: பத்து வருடமாக 100 மைக்ரோகிராம் எடுக்கிறேன், எப்போதும் டிஎஸ்எச் 2-ஐ ஒட்டியே இருக்கும். இந்த முறை 14! சோர்வு, 3 கிலோ ஏற்றம் வேறு. டோஸைக் கூட்டச் சொல்கிறார்கள்.

கூட்டுவதற்கு முன் ஒன்று: சமீபத்தில் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரை சேர்த்தீர்களா? காலையில் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கினால், அவை குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரை டப்பாவில் இருந்து வயிற்றுக்குப் போகிறது, ரத்தத்துக்குப் போவதில்லை. தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். கால்சியமும் இரும்பும் நான்கு மணி நேரமாவது தள்ளி. இந்த ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், அடுத்த பரிசோதனையை ஆறு வாரத்துக்கு முன் செய்து பயனில்லை. காரணம் இதுதான் என்று உங்கள் மருத்துவரும் ஒப்புக்கொண்டால், பழைய டோஸிலேயே எட்டு வாரம் இருந்து பாருங்கள். அந்த 3 கிலோவில் எவ்வளவு தைராய்டுடையது என்பதை அப்போது எடைக் கருவியே காட்டிவிடும்.