மாடிப்படி விளக்கின் வயரிங் படம்: விளக்கு அணைந்திருக்கும்போது என்ன நடக்கிறது?

கேள்வி: மாடிப்படி விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் இயக்க மின்பணியாளர் ஒரு வயரிங் படம் வரைந்து கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு சுவிட்சிலும் ஒரு முனையில் ஃபேஸ், இன்னொரு முனையில் நியூட்ரல். மூன்றாவது முனையிலிருந்து ஒரு கம்பி விளக்குக்குப் போகிறது. எல்லா நிலைகளையும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், விளக்கு சரியாகவே எரிந்து அணைகிறது. கம்பியும் மிச்சமாகும் என்கிறார். இதை ஏற்றுக்கொண்டு சுவிட்சுகளை வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். சுவிட்சுகளை வாங்குவதற்கு முன் படத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு முறையில் வரைந்து தரச் சொல்லுங்கள். விளக்கு எரிகிறதா, அணைகிறதா என்று நீங்கள் பார்த்தது சரியான தொடக்கம்தான். ஆனால் அந்தச் சோதனையில் இந்தப் படம் தேறிவிடும் என்பதே இதிலுள்ள ஆபத்து.

இரண்டு சுவிட்சுகளுக்கும் சேர்த்து நான்கு நிலைகள் உண்டு. கீழ் சுவிட்ச் ஃபேஸிலும் மேல் சுவிட்ச் நியூட்ரலிலும் இருந்தால் விளக்கு எரியும். இது இடம் மாறி இருந்தாலும் எரியும். இரண்டும் நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரிலும் மின்னழுத்தம் இராது. இரண்டும் ஃபேஸில் இருக்கும் நான்காவது நிலையைக் கவனியுங்கள். விளக்கின் இரு முனைகளுக்கும் ஒரே ஃபேஸ் வந்து சேர்வதால் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. அதனால்தான் விளக்கு எரியவில்லை. ஆனால் ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் முழு மின்னழுத்தம் இருக்கிறது. விளக்குதான் அணைந்திருக்கிறதே என்று நம்பி, படியில் நின்றபடி பல்பைக் கழற்றுகிறவர் கையில் அதிர்ச்சி ஏறுவது இந்த நிலையில்தான். மேலும், எரியும் இரண்டு நிலைகளில் ஃபேஸும் நியூட்ரலும் ஹோல்டரில் இடம் மாறிக்கொள்கின்றன. திருகு வகை ஹோல்டராக இருந்தால் அவற்றுள் ஒரு நிலையில் வெளிப்புறத் திருகு உலோகமே ஃபேஸாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பி மிச்சமாவது எப்படி என்று யோசித்தால் அது புரியும். கீழ்த்தளத்துச் சுவிட்சுக்குக் கீழ்த்தள மின்சுற்றிலிருந்தும், மேல்தளத்துச் சுவிட்சுக்கு மேல்தள மின்சுற்றிலிருந்தும் ஃபேஸையும் நியூட்ரலையும் எடுத்துக்கொண்டால்தான் கம்பி குறையும். அப்படி எடுத்தால் ஒரு சுற்றில் புறப்பட்ட மின்னோட்டம் மற்றொரு சுற்றின் நியூட்ரல் வழியாகத் திரும்பும். இரு சுற்றுகளுக்கும் தனித்தனியே மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி இருந்தால், விளக்கைப் போட்டதும் அது கசிவு என்று எண்ணி இணைப்பைத் துண்டித்துவிடும். ஒரு சுற்றின் பிரேக்கரை மட்டும் இறக்கிவிட்டு வேலை செய்கிறவருக்கு, மற்றொரு சுற்றின் மின்சாரம் விளக்கு வழியாக வந்துகொண்டிருக்கும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் இரு தளங்களும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அணைந்திருக்க வேண்டிய அந்த நான்காவது நிலையில், 230 வோல்ட்டுக்கான பல்புக்கு ஏறத்தாழ 400 வோல்ட் கிடைக்கும்.

சரியான படம் எப்படி இருக்கும்? டூ-வே சுவிட்சில் மூன்று முனைகள் உண்டு. அவற்றில் ஒன்று பொதுமுனை. சுவிட்சைத் தட்டும்போது மற்ற இரண்டில் ஏதேனும் ஒன்றோடு அது இணைந்துகொள்கிறது. ஃபேஸ் கம்பி முதல் சுவிட்சின் பொதுமுனைக்கு மட்டும் வர வேண்டும். முதல் சுவிட்சின் மற்ற இரு முனைகளிலிருந்து இரண்டு இணைப்புக் கம்பிகள் இரண்டாவது சுவிட்சின் அதே இரு முனைகளுக்குப் போக வேண்டும். இரண்டாவது சுவிட்சின் பொதுமுனையிலிருந்து ஒரு கம்பி விளக்குக்குப் போக வேண்டும். நியூட்ரல் எந்தச் சுவிட்சையும் தொடாமல் நேராக விளக்குக்குப் போக வேண்டும். அதுவும் ஃபேஸ் எந்தச் சுற்றிலிருந்து வந்ததோ அதே சுற்றின் நியூட்ரலாக இருக்க வேண்டும்.

புதிய படம் கைக்கு வந்ததும் ஃபேஸ் தொடங்கும் இடத்தில் விரலை வையுங்கள். கம்பியோடு நகர்ந்து, சுவிட்சின் அப்போதைய நிலை அனுமதிக்கும் வழியில் மட்டும் முன்னேறுங்கள். இரு சுவிட்சுகளும் ஒரே இணைப்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் விரல் விளக்கைச் சென்றடையும். வெவ்வேறு கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டாவது சுவிட்சுக்குள்ளேயே நின்றுவிடும். நான்கு நிலைகளில் இரண்டில் விரல் விளக்கை அடைய வேண்டும், இரண்டில் அடையக் கூடாது. அடையாத அந்த இரண்டு நிலைகளிலும் விளக்குக்கு வரும் கம்பியில் ஃபேஸ் எந்த வழியாகவும் நுழைய முடியாது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களிடம் உள்ள பழைய படம் தோற்றுப்போவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். படத்தில் தீட்டியுள்ள வண்ணங்களை நம்பி முடிவு செய்யாதீர்கள். கம்பி எந்த முனையில் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

வாங்கும்போது, இரண்டு முனைகள் மட்டுமே உள்ள சாதாரண சுவிட்ச் இதற்கு உதவாது என்பதை நினைவில் வையுங்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தே வாங்க வேண்டும். பொதுமுனை நடுவில்தான் இருக்கும் என்று படத்தில் வரைந்திருந்தாலும், சுவிட்சில் அது வேறிடத்தில் இருக்கக்கூடும். பின்புறத்தில் குறி தெளிவாக இல்லையென்றால், எந்தக் கம்பியும் இணைக்காத சுவிட்சைத் தொடர்ச்சி காட்டும் மீட்டரால் சோதிக்கலாம். மூன்று முனைகளை இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்கும்போது, சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் ஒலி எழுப்பாத ஒரு இணை கிடைக்கும். அந்த இணையில் சேராமல் மீந்து நிற்பதே பொதுமுனை.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. சரியான படத்தை வைத்துக்கொண்டே முதல் சுவிட்சில் பொதுமுனையைத் தவறாக எண்ணி, ஃபேஸை வேறொரு முனையில் கொடுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அப்படி நேர்ந்தால் நான்கு நிலைகளில் ஒன்றில் மட்டுமே விளக்கு எரியும். கீழ் சுவிட்சை ஒரு பக்கம் தட்டி வைத்தால் மேல் சுவிட்ச் வேலை செய்யும், மறுபக்கம் தட்டினால் மேலே என்ன செய்தாலும் எரியாது. இந்த அறிகுறி தெரிந்தால் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கத் தேவையில்லை. மின்பணியாளரை அழைத்து, பொதுமுனைக் கம்பியை அதற்குரிய இடத்துக்கு மாற்றச் சொன்னால் போதும்.

வேலை முடிந்ததும், அணைந்திருக்கும் இரண்டு நிலைகளிலும் ஹோல்டரின் ஃபேஸ் முனைக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் அளந்துவிட்டுப் போக விடாதீர்கள். அணைந்த நிலையில் டிஜிட்டல் மீட்டர் சிறிதளவு வோல்ட் காட்டினாலும், எல்இடி பல்பு மங்கலாக மினுங்கினாலும், அது பக்கத்தில் ஓடும் இணைப்புக் கம்பியிலிருந்து தூண்டப்பட்டதாக இருக்கலாம். பழைய இழை பல்பு ஒன்றைப் பொருத்திவிட்டு மீண்டும் அளந்தால் அந்தத் தூண்டல் மறைந்துவிடும். முழு மின்னழுத்தம் அப்படியே நின்றால் இணைப்பில்தான் பிழை.