குடியரசு தினத்தை அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

"கிராமப் பள்ளித் தலைமை ஆசிரியர் நான். ஜனவரி 26 கொடியேற்றத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன பேசலாம்? ஆகஸ்ட் 15-க்குப் பேசியதே திரும்ப வருகிறது."

கொடியிலிருந்தே தொடங்குங்கள் சார். ஆகஸ்ட் 15-இல் கீழே கட்டிய கொடியை மேலே ஏற்றுவோம். ஜனவரி 26-இல் கொடி ஏற்கெனவே உச்சியில் மடித்துக் கட்டியிருக்கும். கயிற்றை இழுத்து விரிப்போம். "ஏன் இன்னைக்குக் கொடி முன்னாடியே மேல இருக்கு?" என்று கேளுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அப்புறம் கதை. 1947-இல் வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆனால் ஏட்டளவில் இங்கிலாந்து ராஜாதான் நமக்கும் ராஜா. அவர் சார்பில் கடைசியாகக் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் நம் ராஜாஜி. 1950 ஜனவரி 26-இல் நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ராஜா போய், ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். கபடிக்குச் சொந்த மைதானம் கிடைத்தது 1947-இல், விதிகளை நாமே எழுதி ஆடத் தொடங்கியது 1950-இல் என்றால் புரிந்துகொள்வார்கள்.

சட்டம் தயாரானது 1949 நவம்பரிலேயே. 1930 ஜனவரி 26-இல் முழு விடுதலை உறுதிமொழி எடுத்ததால் அந்தத் தேதிக்குக் காத்திருந்தார்கள். இது பெரிய வகுப்புக்குப் போதும், சின்னதுகளுக்கு வேண்டாம்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள், மிட்டாய் வாளியைப் பார்த்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். முதல் நாளே உருவு முடிச்சை இழுத்துப் பாருங்கள். பூவை அதிகம் திணித்தால் முடிச்சு இறுகிக்கொள்ளும்.