நெட் இல்லாமல் ஸ்மார்ட் ஸ்விட்ச் டைமர் ஓடுமா?

"நெட் போனால் மோட்டார் டைமர் வேலை செய்வதில்லை. என்ன வழி?"

ஆப்பில் வைத்த டைமர் நிறுவனத்தின் சர்வரில் இருந்தால், நெட் இல்லாதபோது கட்டளையே வராது. டாஸ்மோட்டா என்ற மாற்று மென்பொருள் போட்ட ஸ்விட்சில் டைமர் உள்ளேயே இருப்பதால் நெட் மட்டும் போனால் பாதகமில்லை. கரண்டும் சேர்ந்து போய்த் திரும்பும்போதுதான் சிக்கல். அதில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, நேரத்தை நெட்டில் கேட்டுத்தான் வாங்கும். கிடைக்காவிட்டால் கன்சோலில் 1970 என்று காட்டும், டைமர் அசையாது.

ரவுட்டரில் நேரம் சொல்லும் என்டிபி சர்வர் வசதி இருந்தால் அதை யுபிஎஸ்ஸில் வைத்து, அதன் முகவரியை டாஸ்மோட்டா கன்சோலில் கொடுங்கள்:

```
NtpServer1 192.168.1.1
PulseTime1 1300
```

இரண்டாவது வரி மோட்டாருக்கு அவசியம் என்பேன். 1300இல் 100 போக 1200 நொடி, அதாவது ஆன் ஆன 20 நிமிடத்தில் தானே அணையும். இதற்குக் கடிகாரமே வேண்டாம்.