ஒரே ஒரு ரிங் அடித்த வெளிநாட்டு நம்பர்: போன காசு திரும்ப வருமா?

“என் வீட்டுக்காரர் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு +232 என்று தொடங்கும் நம்பரிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறித் திருப்பிக் கூப்பிட்டேன். நாலு நிமிஷத்துக்கு மேல் ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. ஐ.எஸ்.டி.க்காகப் போட்டு வைத்திருந்த பிரீபெய்டு பேலன்ஸில் 312 ரூபாய் போய்விட்டது. எடுக்காத காலுக்கு எப்படிக் காசு? பேங்க் பணமும் போய்விடுமா?”
- வாசகி, குளச்சல்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தை விடுங்கள். திருப்பிக் கூப்பிட்டதால் மட்டும் பேங்க் பணம் போகாது. ஓ.டி.பி.யோ கார்டு விவரமோ நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. போனது பேலன்ஸ் மட்டும்தான்.

உங்கள் காலை அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். நீங்கள் கேட்டது ரிங் போலவே பதிவு செய்து வைத்த ஒலியாக இருக்கும். ஒரு இயந்திரம் உடனே காலை எடுத்து அதை ஓட விடும். போன் திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: உண்மையிலேயே ரிங் போகும்போது நிமிஷக் கணக்கு ஓடாது. காதில் ரிங் கேட்கும்போதே 00:01, 00:02 என்று ஓடினால் மீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம், உடனே வைத்துவிட வேண்டும்.

இதில் அவர்களுக்கு என்ன லாபம்? நீங்கள் வெளிநாட்டுக்குப் பேசினால், உங்கள் டெலிபோன் கம்பெனி அந்த நாட்டுக் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். சில நாடுகளுக்கு இந்தக் கட்டணம் மிக அதிகம். அங்கே ஒரு வரிசை நம்பர்களை வாடகைக்குப் பிடிப்பவருக்கு, அந்த நம்பர்களுக்கு வரும் ஒவ்வொரு நிமிஷத்திலும் பங்கு கிடைக்கும். அதனால்தான் உங்களை லைனில் பிடித்து வைக்கிறார்கள். ஒரே ரிங்கோடு நிறுத்துவதும் கணக்குப் போட்டுத்தான். நீங்கள் எடுத்தால் காசு அவர்களுக்குச் செலவு. எடுக்கும் முன் வெட்டினால் செலவே இல்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு இப்படி இயந்திரம் அடித்துக்கொண்டே போகும். நூற்றில் ஒருவர் திருப்பிக் கூப்பிட்டாலும் அவர்களுக்குப் போதும்.

+232 சியரா லியோன், மேற்கு ஆப்பிரிக்கா. பஹ்ரைன் 973. நம் மாவட்டத்தில் தூத்தூரிலிருந்து மணக்குடி வரை ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைய. தெரியாத வெளிநாட்டு நம்பர் என்றால் இங்கே யாரும் சும்மா விட்டுவிட முடியாது. அதனால் முதல் மூன்று எண்ணைப் பாருங்கள்: சவுதி 966, அமீரகம் 971, ஓமன் 968, கத்தார் 974, குவைத் 965. 960 என்று வந்தால் சவுதி போலத் தோன்றும், ஆனால் அது மாலத்தீவு.

சரி, காசு விஷயம். கஸ்டமர் கேரில் புகார் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அந்த மாதத்து கால் விவரப் பட்டியலையும் கேளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி பிரீபெய்டு வாடிக்கையாளருக்கும் கடந்த ஆறு மாதத்துக்குள் உள்ள விவரத்தைத் தர வேண்டும். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது. கால் எத்தனை மணிக்கு, எத்தனை நொடி என்பது அதில் இருக்கும். பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘நம்பரை அடித்தது நீங்கள்தானே, நாங்களும் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கட்டியிருக்கிறோம்’ என்று கம்பெனி சொல்லும். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. 312 ரூபாய்க்கு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம் வரை அலைய உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். போஸ்ட்பெய்டில் பல ஆயிரம் பில் வந்திருந்தால் கதை வேறு. டெலிபோன் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

இது ஏமாற்று வேலை, பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவுக்குள் வரும். ஆள் வெளிநாட்டில் இருப்பதால் பிடிபடுவது கஷ்டம்தான். இருந்தாலும் பணம் போயிருப்பதால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ cybercrime.gov.in-லோ புகார் கொடுங்கள். திருப்பிக் கூப்பிடாமல் மிஸ்டு கால் மட்டும் வந்தவர்கள் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் அந்த நம்பரைத் தெரிவிக்கலாம்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பில்தான் பேசுவீர்கள் என்றால் கஸ்டமர் கேரில் சொல்லி ஐ.எஸ்.டி. அவுட்கோயிங்கை நிறுத்திவிடுங்கள். அவர் சாதாரண போனில் கூப்பிட்டாலும் உங்களுக்கு வரும். இங்கிருந்து போகும் கால் மட்டும்தான் நிற்கும்.