திங்கள், புதன், சனி

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். ராமேஸ்வரம் விசைப்படகில் கூலிப் பங்குக்குப் போகிறேன். திங்கள், புதன், சனி காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலைதான் கரை. என் மனைவி பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கருவாடு போட்டு மாதம் நாலாயிரம் வரை சம்பாதித்தாள். இந்த வருடம் ராமநாதபுரத்தில் பி.எட். சேர்ந்துவிட்டாள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருகிறாள். மகள் நாலாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. அம்மா கூட இருக்கிறார், முழங்கால் வலி. வீட்டு வேலையில் உதவுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இரண்டு வருடம் தாங்குமா?

பதில்: தாங்கும். ஆனால் "உதவுகிறேன்" என்ற வார்த்தையை முதலில் விட்டுவிடுங்கள். உதவுபவருக்கு வேலை சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இப்போது காலை ஏழு மணிக்கே பஸ் ஏறிவிடுகிறார். தண்ணீர் தீர்ந்ததைக் கவனிப்பது, மகனுக்கு நாளைக்கு வண்ணக் காகிதம் வேண்டும் என்பதை நினைவில் வைப்பது, மகளிர் குழுத் தவணை என்றைக்கு என்று தெரிந்திருப்பது, இவையெல்லாம் அவர் தலையிலேயே கிடந்தால், நீங்கள் நாலு பாத்திரம் கழுவிக் கொடுத்தாலும் பாரம் குறையாது. அதனால் வேலையைத் துண்டு துண்டாக வாங்காமல் முழுதாக வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு நாங்கள் சொல்வது மூன்று: குடிநீர், பள்ளிக்கூடம், இரவுச் சாப்பாடு. இந்த மூன்றையும் இனி அவர் நினைக்கவே கூடாது.

குடிநீர் எளிது. காவிரிக் குழாய் வரும் முறையும் லாரித் தண்ணீர் வரும் நேரமும் உங்கள் தெருவுக்குத் தெரியும். கடலுக்குப் போவதற்கு முந்தின நாளே குடங்களை நிரப்பி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் வலியுள்ள அம்மா குடம் தூக்கும்படி ஒரு நாளும் விடாதீர்கள். அம்மா விழுந்தால் மொத்த ஏற்பாடும் விழும்.

பள்ளி விஷயத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எண்ணை உங்கள் எண்ணாக மாற்றுங்கள். கடலில் சிக்னல் கிடைக்காது என்பதால், பக்கத்து வீட்டு மதினியோ சித்தியோ ஒருவருடைய எண்ணை இரண்டாவதாகப் பள்ளியில் கொடுத்து வையுங்கள். உங்கள் வாரத்தில் உண்மையான ஓட்டை திங்கள் முதல் வியாழன் வரையிலான காலைகள்தான். அவர் ஏழுக்குப் போய்விடுவார். திங்கள், புதன் காலையில் நீங்களும் கடலுக்குக் கிளம்பிவிடுவீர்கள். செவ்வாய், வியாழன் காலையில் நீங்கள் கரை சேர்ந்து, மீனைப் பிரித்து, எடை போட்டு வீடு வர எட்டும் ஆகலாம், பத்தும் ஆகலாம். அந்த நாலு காலைக்கு மட்டும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக ஒரு ஆளை இப்போதே பேசி வையுங்கள். வாரம் முழுக்கக் கேட்டால் யாரும் தயங்குவார்கள். நாலு காலை, அரை மணி நேரம் என்று குறிப்பாகக் கேட்டால் செய்வார்கள். பதிலுக்கு ஒரு கை மீன் போதும்.

இரவுச் சாப்பாட்டுக்கு வருவோம். திங்கள், புதன் இரவுகளில் அவர் தனியாகப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பாடக்குறிப்பும் ரெக்கார்டு நோட்டும் எழுத வேண்டியவை அதே இரவுகளில்தான் குவியும். ஆகவே அந்த இரவுகளுக்கான குழம்பு முந்தின மாலையே உங்கள் கையால் தயாராக வேண்டும். ஞாயிறு மாலை திங்களுக்கு, செவ்வாய் மாலை புதனுக்கு. இங்கே ஒரு தவறு நடக்கும்: தேங்காய் அரைத்த குழம்போ சொதியோ வைத்தால் நம் ஊர் வெக்கையில் மறுநாள் இரவு வரை நிற்காது. புளி தூக்கலாக, தேங்காய் சேர்க்காமல், நல்லெண்ணெயில் வைத்த மீன் குழம்பு நிற்கும். மறுநாள் காலையிலும் மாலையிலும் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், ஈரக் கரண்டி படக் கூடாது. சோறு மட்டும் அன்று வடித்தால் போதும். காலைப் பலகாரத்துக்கு ஞாயிறன்று நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று அரைத்து வையுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் மூன்று, நாலு நாளுக்கு வரும். முதல் மாதம் குழம்பு சுமாராகத்தான் இருக்கும். அதைப் பற்றி அம்மா முணுமுணுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மருமகள் அல்ல.

இனி, பலர் கவனிக்காமல் விட்டு மாட்டிக்கொள்ளும் விஷயம் வருகைப் பதிவு. பி.எட். படிப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும். அதாவது முதல் ஆண்டில் சுமார் 40 நாள் வரை இடம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி உண்டு. அதற்கு 90 சதவீதம். வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் 80 நாளில் 72 நாள் போயே ஆக வேண்டும். மிச்சம் எட்டே நாள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள். மூன்று காய்ச்சலில் கணக்கு முடிந்தது. ஆகவே அந்த 16 வாரத்தில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் இருப்பவர் நீங்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். படகு டிரைவரிடமும் முன்கூட்டியே சொல்லி, உங்களுக்கு மாற்றாளாக ஒருவரைப் பேசி வையுங்கள். விடியற்காலையில் திடீரென்று வரவில்லை என்றால் படகில் இடமே போகும். முன்பே சொன்னால் ஒரு பங்குதான் போகும். பயிற்சிக்குத் தீவுக்குள்ளேயே ஒரு பள்ளி கிடைக்குமா என்று கல்லூரியில் முதல் ஆண்டிலேயே கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் தினமும் பஸ்ஸில் போகும் நேரம் மிச்சம். பஸ் செலவையும் கணக்கில் வையுங்கள். பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான்.

பணத்தில் உங்களுக்கு இடிக்கப்போகும் மாதம் ஜூன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. கருவாட்டு வருமானமும் இல்லை. தடை முடியும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும், இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் நெருங்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது தடை தொடங்கும் அன்றே கைக்கு வரும் என்று நம்பிச் செலவு போடாதீர்கள். ஒவ்வொரு முறை கரை வந்ததும் பங்கில் 200 ரூபாயை எடுத்துத் தனியாக வையுங்கள். காற்று, புயல் கூண்டு, வேலைநிறுத்தம் எல்லாம் போக வருடத்தில் நூறு தடவை கடலுக்குப் போனாலும் 20,000 சேரும். நிவாரணத்தோடு 28,000. இரண்டு மாத அரிசி பருப்புக்கும் குழுத் தவணைக்கும் அது பெரும்பாலும் போதும், கட்டணத்துக்குப் போதாது. அதனால் கட்டணத்துக்குத் தனி வழி இப்போதே பாருங்கள். படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கி அடைக்க நினைக்காதீர்கள். வாங்கினால் மாற்றாள் போட்டு வீட்டில் நிற்கும் உரிமை போய்விடும். மேலே சொன்ன எட்டு நாள் கணக்கு அங்கேயே உடையும்.

தடைக்காலம் உங்களுக்கு இன்னொரு வகையில் லாபம். 61 இரவும் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அந்த நாட்களில் சமையலோடு அவர் வசம் இன்னும் மிச்சமிருக்கும் துணி துவைப்பதையும் குழுக் கூட்டத்துக்குத் தவணை கொண்டு கொடுப்பதையும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 அன்று படகேறும்போது எது உங்களிடம் தங்குகிறது, எது அவரிடம் திரும்புகிறது என்று இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் எல்லாம் சத்தமில்லாமல் அவரிடமே திரும்பிவிடும்.

கடைசியாக ஒன்று. எல்லையில் பிடிபடும் ஆபத்து உங்கள் தொழிலில் இருக்கிறது. பாஸ்புக், மீனவர் அடையாள அட்டை, ஆதார் நகல்கள், சங்கத் தலைவரின் எண் இவற்றை ஒரே உறையில் போட்டு மனைவியிடம் கொடுங்கள். சேமிப்புக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். உங்கள் ஒருவர் கையெழுத்தில் மட்டும் பணம் இருந்தால், நீங்கள் வராத வாரத்தில் அவர் பஸ்ஸுக்கே கடன் கேட்க வேண்டிவரும்.