கத்திரி வெயிலுக்கு ஃபேன் நோட்டீஸ்: என்ன படம் போடலாம்?

கேள்வி: காட்பாடியில் சின்னதாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். கோடைக்கு சீலிங் ஃபேன் நோட்டீஸ் அடிக்கவேண்டும். பிரிண்டிங் பிரஸ்காரர் பனிமலை, பென்குயின், ஐஸ்கட்டி மூன்றைத்தான் காட்டுகிறார். வேறு எப்படிக் குளுமையைக் காட்டுவது?

பதில்: பென்குயினை விடுங்கள். ஃபேன் அறையின் சூட்டைக் குறைக்காது. காற்றை ஓட்டி வியர்வையை உலர்த்தும், அதனால்தான் உடம்புக்குக் குளுமை. பனிமலையைப் பார்த்து வாங்கிப் போனவர், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் மாட்டிவிட்டு, "அனல் காத்துதான் வருது" என்று மறுநாளே உங்கள் கடைக்கு வந்து நிற்பார்.

அதனால் காற்று செய்யும் வேலையைக் காட்டுங்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது, அது ஆட்டும் பொருள்தான் தெரியும். நான் எடுத்தால் இப்படி எடுப்பேன்: மதியம் இரண்டு மணி, பழைய வீட்டுக் கூடம். வாசற்படியில் மட்டும் கண்ணைக் கூசவைக்கும் ஒரு பட்டை வெயில். உள்ளே நிழல், மேலே ஃபேன் ஓடுகிறது. பாயில் பாட்டி தூங்குகிறார், விரித்த கையிலிருந்து பனையோலை விசிறி நழுவிக் கிடக்கிறது. சுவரில் நாட்காட்டி, மே 4-ஆம் தேதித் தாள், நுனி மேலே தூக்கியிருக்கிறது. அதன் கீழே ஒரே வரி: "கத்திரி ஆரம்பிச்சாச்சு. பாட்டி தூங்கியாச்சு." விசிறி நழுவியதுதான் விளம்பரமே, அதற்கு மேல் "ஜில் ஜில்" எதுவும் வேண்டாம். நீல நிறமும் வேண்டாம்.

போனிலேயே எடுக்கலாம். ஃபிளாஷ் போட்டால் இறக்கைகள் உறைந்து, கரண்ட் போன வீடு மாதிரி ஆகிவிடும். கேமராவில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/30 என்று வைத்து, போனை ஸ்டூல்மேல் அசையாமல் நிறுத்துங்கள். இறக்கை கலங்கித் தெரியும், பாட்டி தெளிவாக இருப்பார். அப்படி வந்தால் சரி.

நாளைக்கு ஏசி நோட்டீஸ் அடித்தால் இதையே போடாதீர்கள். அங்கே தாள் படபடக்கக்கூடாது. வெளியே அதே வெயில், உள்ளே கழுத்துவரை இழுத்த போர்வை, அவ்வளவு போதும்.

எழுத்தில் ஒரு கணக்கு சேர்க்கலாம். பழைய ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 13 யூனிட் போல மிச்சம். உங்கள் மாடலின் வாட் எவ்வளவு என்று பெட்டியைப் பார்த்துப் போடுங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அதில் உள்ள நட்சத்திரத்தைக் கூட்டியும் போடக்கூடாது. "அறையில் 10 டிகிரி குறையும்" போன்ற வரியை பிரஸ்காரர் ஆசைக்குச் சேர்த்தால் நீக்கிவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர்மேல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், அதை நிறுத்தச் சொல்லிக் கடைக்காரருக்கும் உத்தரவு போடலாம்.

மாடி வீட்டுக்காரர் வந்தால் கல்லாவிலேயே சொல்லிவிடுங்கள்: தளம் காயும் மதியத்தில் காற்று சூடாகத்தான் இறங்கும், சாயங்காலம் வெளியே சூடு தணிந்ததும் ஜன்னலைத் திறந்தால் கொஞ்சம் குறையும்.